18,000 ரூபாய் உயர்வு, 37 நாள் வேலைநிறுத்தம்: ஊதியப் பேச்சுவார்த்தையில் முதல் சண்டை ஏன் பணத்துக்காக இல்லை?

2024 அக்டோபர் 7. சாம்சங் தொழிலாளர் பிரச்னை பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று தமிழக அரசு அறிவித்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் செப்டம்பர் 9 முதல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அப்பாடா, முடிந்தது என்றுதான் செய்தியைப் பார்த்த பலரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் எழுந்து போகவில்லை. "கையெழுத்துப் போட்டது நாங்கள் இல்லையே" என்பது அவர்கள் வாதம்.

இது எப்படி நடக்கும்? ஒரு பக்கம் ஒப்பந்தம் இருக்கிறது, அமைச்சர்கள் இருக்கிறார்கள், நிர்வாகம் இருக்கிறது. இன்னொரு பக்கம் வேலைநிறுத்தமும் அப்படியே இருக்கிறது. இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொண்டால், கூட்டுப்பேரம் என்று சொல்லப்படும் விஷயத்தில் பாதி புரிந்துவிடும். ஏனென்றால், சம்பளம் எவ்வளவு என்பது அங்கே இரண்டாவது கேள்விதான். யாரோடு பேசுவது, யார் கையெழுத்து செல்லும் என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் கதைச் சுருக்கம்

சுங்குவார்சத்திரம் தொழிற்சாலையில் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தயாராகின்றன. 2007 முதல் இயங்குகிறது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,800 பேர். 2024 வரை அங்கே தொழிற்சங்கமே கிடையாது. அந்த ஆண்டின் நடுவில் சி.ஐ.டி.யூ ஆதரவோடு 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' உருவானது. ஊதிய உயர்வு, வேலை நேரம், பணிச்சூழல் என்று கோரிக்கைகள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள்.

மாதம் சராசரியாக 25,000 ரூபாய்தான் வருகிறது, இது போதாது என்றது தொழிலாளர் தரப்பு. இந்தப் பகுதியில் இதே மாதிரி வேலை செய்பவர்கள் வாங்குவதைப் போல 1.8 மடங்கு தருகிறோம் என்றது நிறுவனம். இதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை. இரண்டு தரப்பும் வேறு வேறு அளவுகோலை வைத்து அளக்கின்றன. ஊதிய வழக்குகளில் நீதிமன்றங்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. ஒரே தொழில், ஒரே வட்டாரம், ஏறக்குறைய ஒரே அளவுள்ள நிறுவனம் என்று வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். நிறுவனம் வட்டாரத்தை அழுத்திப் பிடிக்கும். சங்கம் தொழிலையும் நிறுவனத்தின் அளவையும் அழுத்திப் பிடிக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்தப் பேச்சுவார்த்தையிலும் முதல் சில சுற்றுகள் இப்படித்தான் ஓடும்.

சாம்சங்கில் அந்தச் சுற்றுகளுக்கே போகவில்லை. வெளியிலிருந்து வந்த அமைப்போடு பேசமாட்டோம், எங்கள் தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசுவோம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருப்பதற்கும் ஆட்சேபம் வந்தது.

வெளியாள் சங்கத்தில் இருக்கலாமா?

இருக்கலாம். தொழிற்சங்கச் சட்டம் 1926-லேயே இதற்கு இடம் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் சங்க நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கலாம் என்றது அந்தச் சட்டத்தின் திருத்தம். காரணம் எளிமையானது. மெஷினில் நிற்கிற ஆள், தன் சம்பளத்தை முடிவு செய்யும் மேலாளர் முன் உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். அவருக்குப் பக்கத்தில், அந்த மேலாளரால் வேலையைவிட்டு நீக்க முடியாத ஒருவர் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இந்தச் சட்டம் பிறந்ததிலும் சென்னைக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பின்னி குழுமத்தின் பக்கிங்ஹாம் – கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. அதன் தலைவர் பி.பி.வாடியா ஆலைத் தொழிலாளி இல்லை, வெளியாள்தான். நிர்வாகம் அவர் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்து என்ற நிலை வந்தது. அந்தச் சங்கடத்திலிருந்துதான் 1926 சட்டத்துக்கான கோரிக்கை வலுத்தது. நூறு வருடம் கழித்தும் "வெளியாள்" என்ற அதே வாதம் அதே ஊர்ப்பக்கம் கேட்கிறது!

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

பதிவு என்பது அரசுக்கும் சங்கத்துக்கும் நடுவில் உள்ள விஷயம். குறைந்தது ஏழு பேர் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். சரியாக இருந்தால் பதிவாளர் சான்றிதழ் தருவார். அவ்வளவுதான்.

அங்கீகாரம் என்பது நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் நடுவில் உள்ளது. "ஆமாம், நீங்கள்தான் தொழிலாளர்கள் சார்பில் பேசும் ஆள்" என்று முதலாளி ஏற்றுக்கொள்வது. மகாராஷ்டிராவில் 1971-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்தது; 30 சதவீத உறுப்பினர் இருந்தால் சங்கம் அங்கீகாரம் கோரலாம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதனால் இங்கே பதிவான சங்கமாகவே இருந்தாலும், 'உங்களோடு பேசமாட்டேன்' என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் சங்கத்துக்கு இரண்டு வழிதான். ஒன்று, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போய், நிர்வாகத்தை மேஜைக்கு அழைக்க வைப்பது. இன்னொன்று, வேலையை நிறுத்துவது.

சாம்சங் சங்கத்துக்குப் பதிவே இழுத்தது. விண்ணப்பம் போட்டும் சான்றிதழ் வரவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. அதாவது 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது அந்தச் சங்கத்தின் கையில் பதிவுச் சான்றிதழ்கூட இல்லை.

அக்டோபர் 7-ல் கையெழுத்துப் போட்டது யார்?

ஒரு தொழிலாளர் குழு. அந்தக் குழுவோடு நிறுவனம் செய்துகொண்ட புரிந்துணர்வில் சில சலுகைகள் இருந்தன. அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை. 5 வழித்தடங்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஏசி பஸ்களை 108 வழித்தடங்களுக்கும் விரிவாக்குவது. பணியில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உடனடியாக 1 லட்சம் ரூபாய்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் மறுத்தார்கள்?

முதல் காரணம், அந்தக் குழு வேலைநிறுத்தம் செய்கிறவர்களின் பிரதிநிதி இல்லை என்று சங்கம் சொன்னது. இரண்டாவது காரணத்தைப் புரிந்துகொள்ள, தொழில் தகராறு சட்டம் 1947-ன் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 18(1), 12(3). தொழிற்சாலைப் பக்கம் போனால் இவை சட்டப் பிரிவுகள் போலவே இருக்காது, ஏதோ வீட்டு நம்பர் மாதிரி சாதாரணமாகப் புழங்கும். "இந்த தடவை பன்னிரண்டு மூணு போட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

18(1) என்பது இரண்டு தரப்பும் தங்களுக்குள் உட்கார்ந்து பேசிப் போடும் ஒப்பந்தம். அது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரு சங்கம் போட்டால் அந்தச் சங்கத்துக்குத்தான். வேறு சங்கத்தில் இருப்பவர், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர் எல்லாம் அதற்கு வெளியே. அதனால்தான் சில நிறுவனங்களில் 18(1) போட்ட கையோடு, 'இந்த ஒப்பந்தத்தை ஏற்கிறேன்' என்று அச்சடித்த தாளைத் தொழிலாளர்களிடம் தனித்தனியாக நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் உயர்வு, போடாவிட்டால் பழைய சம்பளம். மறுத்த சங்கத்தின் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கரைவது பெரும்பாலும் இந்தத் தாளில்தான்.

12(3) அப்படியில்லை. சமரச அலுவலர் முன்னிலையில், சமரச நடவடிக்கை நடக்கும்போது போடுவது. நிர்வாகம், சங்கம், அரசு அலுவலர் என்று மூன்று தரப்பு. இது அந்த நிறுவனத்தில் உள்ள எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். நாளைக்கு வேலைக்குச் சேர்கிறவரையும்கூட!

இதில் ஒரு கத்தி முனை இருக்கிறது. 12(3) போடும் சங்கம் பெரும்பான்மைச் சங்கமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. 1960-ல் ராம்நகர் கேன் அண்ட் சுகர் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு சங்கம் சமரசத்தில் போட்ட ஒப்பந்தம், அதில் கையெழுத்திடாத மற்றொரு சங்கத்தின் உறுப்பினர்களையும் கட்டுப்படுத்தும். அந்த ஒப்பந்தம் அமலில் இருக்கும்போது அதே விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம். யோசித்துப் பாருங்கள். 1,000 பேர் உள்ள சங்கம் வாசலில் நிற்கும்போது, 100 பேர் உள்ள சங்கம் உள்ளே போய் மூன்று வருடத்துக்கு எல்லோர் சம்பளத்தையும் முடிவு செய்துவிடலாம். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்காகப் பணத்தைவிடக் கடுமையாகச் சண்டை போடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

37 நாளுக்குப் பிறகு கிடைத்தது என்ன?

அக்டோபர் 7-க்குப் பிறகு நிலைமை மோசமானது. பந்தல் அகற்றப்பட்டது, கைதுகள் நடந்தன. பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கி, அக்டோபர் 15 அன்று சமரசத்தில் ஓர் உடன்பாடு வந்தது. அதை நிதானமாகப் படிக்க வேண்டும். தொழிலாளர்கள் உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும். வேலைநிறுத்தம் செய்ததற்காக நிர்வாகம் யாரையும் பழிவாங்கக் கூடாது. தொழிலாளர்கள் முழு ஒத்துழைப்புத் தர வேண்டும். கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும்.

இதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. எட்டு நாள் முன்பு வந்த 5,000 ரூபாயை ஏற்காதவர்கள், பணமே இல்லாத ஒரு தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தோல்வி மாதிரித் தெரியும். என் பார்வையில் அப்படி இல்லை. எழுத்துப்பூர்வமான பதில் என்றால் அந்தக் கோரிக்கைப் பட்டியல் இருக்கிறது என்று நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. 'இவர்களோடு பேசமாட்டோம்' என்பதிலிருந்து 'இந்தக் கோரிக்கையை இந்தக் காரணத்தால் ஏற்க முடியாது' என்பதற்கு நகர்வது பெரிய தூரம். இரண்டாவதில்தான் பேரம் பேச இடம் இருக்கிறது.

அதன் பிறகும் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. சங்கம் பதிவான சில நாட்களிலேயே, 2025 பிப்ரவரி தொடக்கத்தில், நிர்வாகிகள் மூன்று பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மறுபடி உள்ளிருப்புப் போராட்டம், மேலும் சிலர் பணியிடை நீக்கம், மார்ச்சில் வேலைக்குத் திரும்பியது என்று ஒரு சுற்று ஓடியது. 2025 மே 19 அன்றுதான் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் முன்னிலையில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று வருடத்தில் மாதம் 18,000 ரூபாய் உயர்வு. முதல் வருடம் 9,000, இரண்டாவது வருடம் 4,500, மூன்றாவது வருடம் 4,500. பணிமூப்பை வைத்துக் கூடுதல் உயர்வுகள் தனி.

18,000 என்றால் உண்மையில் எவ்வளவு?

தலைப்புச் செய்தியில் வரும் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

முதல் வருடம் மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000 கூடுதலாக வரும். இரண்டாவது வருடம் 9,000-த்தோடு 4,500 சேர்ந்து மாதம் 13,500. வருடத்துக்கு 1,62,000. மூன்றாவது வருடம் மாதம் 18,000. வருடத்துக்கு 2,16,000. மூன்றையும் கூட்டினால் 4,86,000 ரூபாய்.

இப்போது அதே 18,000-ஐ வருடத்துக்கு 6,000 என்று சமமாகப் பிரித்திருந்தால்? 72,000, 1,44,000, 2,16,000. மொத்தம் 4,32,000. தொழிலாளி கைக்கு 54,000 ரூபாய் குறைவு.

தலைகீழாக, முதல் இரண்டு வருடம் 4,500, கடைசி வருடம் 9,000 என்று வைத்திருந்தால் மொத்தம் 3,78,000 மட்டும்தான். முதலில் சொன்னதைவிட 1,08,000 குறைவு. மூன்று ஒப்பந்தத்துக்கும் நாளிதழில் ஒரே தலைப்புதான் வரும்: "18,000 ரூபாய் உயர்வு".

அதனால்தான் மொத்தத் தொகையில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன பிறகும், "முதல் வருடம் எத்தனை சதவீதம்?" என்று பேச்சு பல வாரம் இழுக்கும். சாம்சங்கில் அது 50:25:25. பக்கத்தில் இருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையில் 2025-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மாதம் 31,000 ரூபாய் உயர்வு, 55:25:20 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டது. முதல் வருடத்துக்கு ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்க எத்தனை உட்காரல் ஆகியிருக்கும் என்பது மேஜையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதோடு அக்டோபரில் வந்த 5,000 ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மட்டும், ஊக்கத்தொகை என்ற பெயரில். மொத்தம் 30,000. மார்ச்சுக்குப் பிறகு அது என்ன ஆகும் என்பது அடுத்த உயர்வைப் பொறுத்தது. ஊதிய உயர்வு அப்படி இல்லை. ஒருமுறை ஏறினால் அது அடுத்த பேச்சுவார்த்தையின் தரைமட்டம்.

எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்பதும் முக்கியம். பணிக்கொடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதில் 26-ல் 15 பங்கு, ஒவ்வொரு பணி வருடத்துக்கும். 9,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் ஒரு வருடப் பணிக்கு ஏறத்தாழ 5,190 ரூபாய் கூடுதல் பணிக்கொடை. 20 வருடம் வேலை பார்த்தவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதே 9,000 வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று ஏறினால் இந்தக் கணக்கில் வராது என்பதுதான் பழைய நிலை. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதால், அந்த விளையாட்டுக்கு ஓரளவு கடிவாளம் வந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து? பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது வரும் வரை உள்ள இடைவெளிக்கு நிலுவை உண்டா? நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் 2019 ஆகஸ்ட்டில் முடிந்த ஊதிய ஒப்பந்தத்துக்கு அடுத்தது 2022 ஆகஸ்ட்டில்தான் கையெழுத்தானது. மூன்று வருடம்! இழுக்க இழுக்க லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தம் முடிந்தாலும், இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யும் வரை அதன் ஷரத்துகள் தொடரும் என்று சட்டம் சொல்கிறது. சம்பளம் கீழே இறங்காது. ஆனால் மேலேயும் ஏறாது.

இப்போது விதி மாறியிருக்கிறது

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழில் உறவுகள் தொகுப்பு, மேலே சொன்ன 1926, 1947 சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. 18(1), 12(3) என்ற எண்கள் போய்விட்டன. நேரடி ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும், சமரச ஒப்பந்தம் எல்லோருக்கும் என்ற வித்தியாசம் அப்படியே இருக்கிறது. எண் மாறினாலும் தொழிற்சாலை வாசலில் இன்னும் சில வருடத்துக்கு "பன்னிரண்டு மூணு" என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பெரிய மாற்றம் வேறு இடத்தில். யாரோடு பேசுவது என்ற கேள்விக்கு முதல்முறையாக நாடு முழுவதற்குமான சட்டம் ஓர் எண் சொல்கிறது. நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஒரு சங்கத்தில் இருந்தால், அதுதான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், தலா 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு.

1,800 நிரந்தரத் தொழிலாளர்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 918 பேர் இருந்தால் தனிச் சங்கமாகப் பேசலாம். 360 பேர் இருந்தால் குழுவில் ஓர் இடம். 2024-ல் ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அவர்கள் எல்லோரும் உறுப்பினராக இருந்து, இந்த விதியும் அப்போது இருந்திருந்தால், அக்டோபர் 7 குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது. 'உங்களோடு பேசமாட்டோம்' என்று சொல்லும் கதவு ஏறக்குறைய மூடப்படுகிறது.

ஆனால் 'பதிவேட்டில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி வேறொரு ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருப்பார். பக்கத்து மெஷினில் நின்றாலும் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார், பெரும்பாலும் ஒப்பந்த உயர்விலும் வரமாட்டார். நிரந்தரத் தொழிலாளர்கள் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கூடும் தொழிற்சாலையில், 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கம் உண்மையில் ஷாப் ஃப்ளோரில் சிறுபான்மையாக இருக்கலாம். 51-ஐத் தொட முடியாத சிறிய சங்கங்களுக்கு, 20-க்கும் கீழே போனால் மேஜையில் இடமே இல்லை என்பதும் உண்மை.

இன்னொரு பக்கம், வேலைநிறுத்தம் கடினமாகிவிட்டது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு விதி, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சமரசம் நடந்துகொண்டிருக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. நோட்டீஸ் கொடுத்தவுடன் சமரச அலுவலர் முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் சமரசம் தொடங்கியதாக அர்த்தம். அப்புறம் நிறுத்த முடியாது. 'அப்போ சட்டப்படி எப்போதான் நிறுத்துறது?' என்பது தொழிற்சங்கங்கள் கேட்கும் கேள்வி. சமரசம் தோற்றால் அரசு பரிந்துரைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், 90 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பது அரசுத் தரப்பு காட்டும் மாற்று வழி. தீர்ப்பாயத்தில் ஒரு ஊதிய வழக்கு எத்தனை வருடம் ஓடும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வழியின் மதிப்பு.

சாம்சங்கின் மூன்று வருட உயர்வு 2027-28-ல் முடிகிறது. அதற்கு அடுத்த கோரிக்கைப் பட்டியல் இந்தப் புதிய விதிகளின் கீழ்தான் போகும். அப்போது முதல் நாள் மேஜையில் வைக்க வேண்டியது சம்பளக் கணக்கு இல்லை, உறுப்பினர் பட்டியல்.